பன்னிரண்டு நரம்புகளுக்கு ஒரு வரைபடம்

மருத்துவக் கல்லூரி மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவரின் குறிப்பேடுகளில் முக நரம்பு மூன்று இடங்களில் கிடந்தது. முதலாண்டு உடற்கூறியல் நோட்டில் அது எந்த எலும்புக்குள் புகுந்து எங்கே வெளியே வருகிறது என்று ஒரு படம். உடலியங்கியல் நோட்டில், நாக்கின் முன்பகுதிச் சுவையும் கண்ணீரும் உமிழ்நீரும் அதன் பொறுப்பு என்று ஒரு வரி. வார்டுக்கு எடுத்துப்போகும் சின்ன நோட்டின் கடைசிப் பக்கத்தில், ‘புருவத்தைத் தூக்கச் சொல்லணும், கண்ணை இறுக்கி மூடச் சொல்லணும், பல்லைக் காட்டச் சொல்லணும்’ என்று அவசரக் கிறுக்கல். மூன்றுமே சரியான குறிப்புகள்தான். ஆனால் வாய் கோணிய ஒரு நோயாளி எதிரே வந்து உட்கார்ந்தால், மூன்று நோட்டையும் ஒரே நேரத்தில் புரட்ட முடியாது.

மூளையிலிருந்து தண்டுவடத்தின் வழியாகப் போகாமல் மண்டையோட்டின் துளைகள் வழியே நேராக வெளிவரும் நரம்புகள் 12 இணை. மோப்பம், பார்வை, கண் அசைவு, முகத்தின் உணர்ச்சி, முகபாவம், செவி, விழுங்குதல், குரல், நாக்கு என்று கழுத்துக்கு மேலே நடக்கும் எல்லாவற்றையும் இவைதான் பார்த்துக்கொள்கின்றன. பத்தாவதான வேகஸ் மட்டும் மார்பு, வயிறு வரை இறங்குகிறது. இவற்றைச் சோதிக்க ஸ்கேன் வேண்டாம். ஒரு டார்ச், கொஞ்சம் பஞ்சு, ஓர் இசைக்கவை, பார்வைப் பலகை போதும். சோதனையில் கிடைத்ததை வைத்து மூளையின் எந்த இடத்தில் கோளாறு என்று சொல்வதுதான் கடினம். அதற்குத்தான் மன வரைபடம்.

முதலில் துண்டுச் சீட்டுகள்

வரைபடம் என்றதும் தாளின் நடுவில் வட்டம் போட்டு, சுற்றிலும் பன்னிரண்டு கோடு இழுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு நரம்பின் பெயரை எழுதுவதுதான் பலர் செய்வது. அழகாக இருக்கும், பயன் குறைவு. அதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. நோட்டுகளில் இருப்பதையெல்லாம் சின்னச் சீட்டுகளில் எழுத வேண்டும், ஒரு சீட்டுக்கு ஒரே ஒரு செய்தி. பிறகு அவற்றை மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும்: நரம்பு எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது, படுக்கையருகே எப்படிச் சோதிப்பது.

பிரித்து முடித்ததும் இரண்டு விஷயங்கள் வெளிச்சத்துக்கு வரும். ஒன்று, ஜோடி இல்லாத சீட்டுகள். ‘தாடையில் சுத்தியலால் தட்டிப் பார்’ என்று சோதனை இருக்கும். எந்த நரம்புக்கு என்று எழுதியிருக்காது. அது ஐந்தாவது நரம்பு. இரண்டாவது, ஒன்றோடொன்று மோதும் சீட்டுகள். அந்த மாணவியின் குவியலில், ‘நாக்கை நீட்டினால் பழுதுபட்ட பக்கம் சாயும்’ என்று ஒரு சீட்டு, ‘நல்ல பக்கம் சாயும்’ என்று இன்னொன்று. இரண்டில் ஒன்றை மனப்பாடம் செய்து தப்பிக்கப் பார்த்தால் தேர்வுக்கு முந்தைய நாள் மறுபடியும் குழம்பும். தசை என்ன செய்கிறது என்று பார்த்தால் குழப்பம் அங்கேயே தீரும்.

நாக்கை வெளியே நீட்டும் தசை, நாக்கை முன்னால் தள்ளுவதோடு எதிர்ப்பக்கமாகவும் தள்ளுகிறது. இரண்டு பக்கத் தசையும் சமபலமாக இருந்தால் நாக்கு நேராக வரும். வலது 12-ஆம் நரம்பு பழுதானால் இடது தசை மட்டுமே தள்ளும். நாக்கு வலப்பக்கம், அதாவது பழுதுபட்ட பக்கமே சாயும். உள்நாக்கு இதற்கு நேர்மாறு. ‘ஆ’ என்று சொல்லும்போது மேலண்ணத்தைத் தசைகள் மேலே இழுக்கின்றன. வலது 10-ஆம் நரம்பு பழுதானால் இடது தசைதான் இழுக்கும். உள்நாக்கு இடப்பக்கம், நல்ல பக்கம் போகும். ஆக, வரைபடத்தில் எழுதவேண்டிய வரி இதுதான்: தள்ளும் தசை செயலிழந்தால் கெட்ட பக்கம் சாயும்; இழுக்கும் தசை செயலிழந்தால் நல்ல பக்கம் சாயும். வாயைத் திறக்கும்போது தாடை கெட்ட பக்கம் சாய்வதும் (அது தள்ளும் தசை, 5-ஆம் நரம்பு), சிரிக்கும்போது வாய் நல்ல பக்கம் இழுபடுவதும் (அது இழுக்கும் தசை, 7-ஆம் நரம்பு) இதே வரிக்குள் அடங்கிவிடும். மோதிக்கொண்ட இரண்டு சீட்டுகள் நான்கு சோதனைகளுக்கான விளக்கமாக மாறிவிட்டன.

நடுவில் எதை வைப்பது?

1664-இல் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் இந்த நரம்புகளை ஒன்பது இணை என்று எண்ணினார். இன்று நாம் சொல்லும் பன்னிரண்டு என்ற கணக்கு 1778-இல் ஜெர்மானிய உடற்கூறியலாளர் சோமரிங் தந்தது. மூளையைக் கவிழ்த்துவைத்து, அடிப்பக்கத்தில் முன்னிருந்து பின்னாக நரம்புகள் வெளிவரும் வரிசையில் எண்கள் போடப்பட்டன. அதனால் எண்ணே முகவரியும் ஆகிவிடுகிறது. எண் கூடக்கூட, மூளைத்தண்டில் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறோம் என்று பொருள்.

எனவே தாளின் நடுவில் வைக்கவேண்டியது ‘மூளை நரம்புகள்’ என்ற தலைப்பை அல்ல, மூளைத்தண்டை. பெரிய சார்ட் தாளில் நடுவே நீளவாக்கில் அதை வரைந்து, மூன்று மாடியாகப் பிரிக்கலாம். மேலே நடுமூளை, அதிலிருந்து 3, 4. நடுவில் பான்ஸ், அதிலிருந்து 5, 6, 7, 8. கீழே முகுளம், அதிலிருந்து 9, 10, 11, 12. மோப்பத்துக்கான 1, பார்வைக்கான 2 இரண்டும் மூளைத்தண்டில் சேராதவை. அவற்றை மேலே தனியாக எழுத வேண்டும். இது கொஞ்சம் எளிமைப்படுத்திய கணக்குதான். எட்டாவது நரம்பு பான்ஸும் முகுளமும் சேரும் எல்லையில் இருக்கிறது. பதினொன்றாவதின் முக்கியப் பங்கு கழுத்துத் தண்டுவடத்திலிருந்து ஏறி வருகிறது. அந்த இரண்டு இடங்களிலும் ஒரு சின்ன அம்புக்குறி போட்டுவிட்டால் போதும்.

மூளைத்தண்டை நடுவில் வைப்பதால் என்ன லாபம்? நோய் நரம்பின் எண்ணைப் பார்த்து வருவதில்லை. ரத்தக்குழாய் அடைப்போ கட்டியோ ஓர் இடத்தைத் தாக்கும். அந்த இடத்தில் இருக்கும் எல்லா நரம்பும் சேர்ந்து பாதிக்கப்படும். பக்கத்து வீடுகள் எவை என்று வரைபடத்தில் தெரிந்தால்தான், ஒரு நரம்பில் பழுது கண்டதும் அடுத்து எதைச் சோதிப்பது என்று தெரியும்.

கிளையும் இலையும்

ஒவ்வொரு நரம்புக்கும் மூன்று இலைகள்: வேலை, சோதனை, பழுதானால் கண்ணில் படுவது. மன வரைபடத்தை 1970-களில் பிரபலமாக்கிய பிரிட்டன் எழுத்தாளர் டோனி புசான், ஒரு கிளைக்கு ஒரே ஒரு சொல் போதும் என்பார். வேலை என்ற இலைக்கு அது பொருந்தும். சோதனை என்ற இலைக்குப் பொருந்தாது. ‘முகம்’ என்று மட்டும் எழுதிவைத்தால் வார்டில் வாய் வராது. நோயாளியிடம் சொல்லவேண்டிய வாக்கியத்தை அப்படியே எழுத வேண்டும்: “புருவத்தை மேலே தூக்குங்க ஐயா. கண்ணை நல்லா இறுக்கி மூடுங்க, நான் திறக்கப் பார்ப்பேன், விடாதீங்க. பல்லைக் காட்டுங்க. கன்னத்தை உப்பிக் காட்டுங்க.” நான்கு வாக்கியம் சொன்னால் ஏழாவது நரம்பின் தசைச் சோதனை முடிந்தது.

சோதனையில் என்ன செய்யக்கூடாது என்பதும் இலையில் ஏற வேண்டும். மோப்பத்துக்குக் காபித்தூளோ சோப்போ வைத்துப் பார்க்கலாம், ஒரு மூக்குத் துளையை மூடிக்கொண்டு, கண்ணையும் மூடச் சொல்லி. தலைவலித் தைலம் கூடாது. அதன் எரிச்சலை மூக்கினுள் ஐந்தாவது நரம்பு உணர்ந்துவிடும். மோப்ப நரம்பே இல்லாதவர்கூட ‘தெரிகிறது’ என்பார். அதேபோல, தொண்டையில் குச்சியால் தொட்டுக் குமட்டல் வருகிறதா என்று பார்க்கும் சோதனை ஆரோக்கியமான சிலருக்கே வராது, விழித்திருப்பவருக்கு வதையும்கூட. ‘ஆ’ சொல்லச் சொல்வதும், குரலைக் கவனிப்பதும், இருமச் சொல்வதும் அதைவிடப் பெரும்பாலும் உபயோகமானவை.

குறுக்குக் கோடுகள்தான் உயிர்

கிளைகளை மட்டும் வரைந்து நிறுத்தினால் அது அட்டவணையின் வேறு உருவம், அவ்வளவே. சில சோதனைகள் ஒரு நரம்பின் கிளைக்குள் அடங்குவதில்லை. ஒரு நரம்பு சேதியை உள்ளே கொண்டுபோகும், இன்னொன்று கட்டளையை வெளியே கொண்டுவரும். இப்படிப்பட்ட மூன்று கோடுகளைச் சிவப்பு மையில் இழுக்க வேண்டும். கண்ணில் ஒளி பட்டால் பாவை சுருங்குவது 2-இலிருந்து 3-க்கு. கருவிழியைப் பஞ்சு நுனியால் தொட்டால் இமைப்பது 5-இலிருந்து 7-க்கு. குமட்டல் 9-இலிருந்து 10-க்கு.

முதல் கோட்டை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். ஒரு கண்ணில் டார்ச் அடித்தால் இரண்டு பாவையும் சுருங்குவது இயல்பு. ஒருவருக்கு வலக்கண்ணில் அடித்தபோது எந்தப் பாவையும் சுருங்கவில்லை. இடக்கண்ணில் அடித்தபோது இரண்டும் சுருங்கின. வலது பாவை சுருங்கக்கூடியதுதான் என்று இரண்டாவது முறை நிரூபணமாகிவிட்டது. ஆக, வெளியே வரும் வழி நன்றாக இருக்கிறது, சேதி உள்ளே போகவில்லை. பழுது வலது பார்வை நரம்பில். இன்னொருவருக்கு வலக்கண்ணில் அடித்தாலும் இடக்கண்ணில் அடித்தாலும் இடது பாவை மட்டுமே சுருங்குகிறது. வலக்கண் ஒளியைப் பார்க்கிறது, சேதி உள்ளே போகிறது; வலது பாவைக்கான கட்டளைதான் வரவில்லை. பழுது வலது மூன்றாவது நரம்பில். இந்த இரண்டாமவருக்கு இமையும் சரிந்து, கடும் தலைவலியும் சேர்ந்திருந்தால் அது அவசர நிலை. மூளை ரத்தக்குழாய் ஒன்று பலூன்போல் வீங்கி அந்த நரம்பை அழுத்திக்கொண்டிருக்கலாம்.

டார்ச்சை இரண்டு முறை அடித்து இரண்டு நரம்பையும் பிரித்தறிய முடிவது அந்தச் சிவப்புக் கோட்டால்தான். பார்வை நரம்பு ஒரு நோட்டிலும் கண் இயக்க நரம்பு இன்னொரு நோட்டிலும் இருந்தவரை மாணவிக்கு இது பிடிபடவில்லை.

வரைபடத்தோடு ஒரு நோயாளி

பயிற்சிக்காக ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 48. காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் வாயோரம் வழிந்திருக்கிறது. “வாய் இடப்பக்கம் இழுத்துக்கிச்சு டாக்டர்” என்கிறார் மனைவி. வீட்டார் பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார்கள். கேட்பவரும் இடப்பக்கம்தான் பழுது என்று நினைத்துவிடுவார். இழுக்கும் தசை செயலிழந்தால் நல்ல பக்கம் சாயும் என்று நாம் எழுதிவைத்த வரி இங்கே உதவுகிறது. பழுது வலப்பக்கம், 7-ஆம் நரம்பின் பாதையில் எங்கோ.

எங்கே? புருவத்தைத் தூக்கச் சொல்ல வேண்டும். நெற்றித் தசைக்கு மட்டும் மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை வருகிறது, இரண்டு மின்மாற்றிகளிலிருந்து இணைப்பு வாங்கிய வீடுபோல. மூளையின் ஒரு பக்கத்தில் பக்கவாதம் வந்தால் வாய் கோணும், நெற்றி சுருங்கும். ஆனால் நரம்பே பழுதானால் வீட்டுக்குள் வரும் கம்பியே அறுந்ததற்குச் சமம், நெற்றியும் சுருங்காது. இவருக்கு வலப்பக்க நெற்றி வழவழவென்று இருக்கிறது. வலக்கண்ணை மூடச் சொன்னால் இமை இறங்கவில்லை. விழி மட்டும் மேலே உருண்டு வெள்ளை தெரிகிறது.

பழுது நரம்பில்தான் என்று இத்தோடு முடித்துவிடலாமா? வரைபடம் இன்னொரு எச்சரிக்கை தருகிறது. ஏழாவது நரம்பு கிளம்பும் இடம் பான்ஸ். அங்கேயே ஓர் அடைப்பு ஏற்பட்டாலும் நெற்றி உட்பட முகம் முழுவதும் போகும். அதனால் அதே மாடியில் இருப்பவர்களை விசாரிக்க வேண்டும். ஆறாவது: வலக்கண் வெளிப்பக்கமாகத் திரும்புகிறதா? திரும்புகிறது. ஐந்தாவது: கன்னத்தில் பஞ்சு படுவது தெரிகிறதா? தெரிகிறது. வலது கருவிழியைப் பஞ்சால் தொட்டால் இடக்கண் இமைக்கிறது, வலக்கண் இமைக்கவில்லை. ஐந்தாவது வழியே சேதி உள்ளே போய்விட்டது. ஏழாவதில்தான் கட்டளை நின்றுவிட்டது. எட்டாவது: காது கேட்கிறதா? கேட்கிறது; சொல்லப்போனால் வலது காதில் தட்டு விழும் சத்தம்கூட அதிகமாகக் கேட்கிறது என்கிறார். காதுக்குள் சத்தத்தை அடக்கும் ஒரு சின்னத் தசைக்கும் ஏழாவது நரம்புதான் எஜமான், அதுவும் தளர்ந்திருக்கிறது. கடைசியாகக் கை, கால் பலம்: இயல்பாக இருக்கிறது. காதுக்குள்ளும் காதைச் சுற்றியும் கொப்புளம்: இல்லை. கொப்புளம் இருந்தால் அது அக்கி வைரஸால் வருவது, அதற்கு வைத்தியம் வேறு.

அடுத்த வீட்டார் எல்லோரும் நலமாக இருக்க, ஏழாவது மட்டும் தனியாகப் படுத்திருக்கிறது. இதுதான் பெல் வாதம்; 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முக நரம்பை விளக்கிய ஸ்காட்லாந்து மருத்துவர் சார்லஸ் பெல்லின் பெயரால் அழைக்கப்படுவது. ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. மூடாத கண் காய்ந்து புண்ணாகாமல் சொட்டு மருந்தும் இரவில் மூடுபட்டையும் வேண்டும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில், மாதங்களில் முகம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

இதே நோயாளிக்கு வலக்கண்ணும் வெளிப்பக்கம் திரும்பாமல், இடது கை காலிலும் பலம் குறைந்திருந்தால்? ஆறும் ஏழும் வலப்பக்கம், கை கால் இடப்பக்கம். மூன்றும் ஒன்றாகப் போகக்கூடிய இடம் பான்ஸின் வலப்பக்கம் ஒன்றுதான். நெற்றி சுருங்காவிட்டாலும் இது மூளைத்தண்டுப் பக்கவாதம்; பெல் வாதம் அல்ல. நெற்றியை மட்டும் பார்த்து நின்றிருந்தால் இதைத் தவறவிட்டிருப்போம்.

வரைபடம் சறுக்கும் இடம்

பழுது எப்போதும் நரம்பு கிளம்பும் மாடியிலேயே இருக்கும் என்ற நம்பிக்கையை இந்த வரைபடம் தந்துவிடும். ஆறாவது நரம்பு அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கும். பான்ஸை விட்டு மேலேறி மண்டையோட்டின் எலும்பு விளிம்பில் வளைந்து செல்வதால், மண்டைக்குள் எங்கே அழுத்தம் கூடினாலும் அது இழுபட்டுத் தளர்ந்துவிடலாம். கட்டி வேறெங்கோ இருக்கும். கண் மட்டும் வெளிப்பக்கம் திரும்பாது. அதனால் ஆறாவது கிளையின் மேல் ஓர் ஆச்சரியக்குறி போட்டு, ‘தலைவலி, வாந்தி உண்டா எனக் கேள், கண்ணின் உட்புறம் பார்’ என்று எழுத வேண்டும். நீண்டகால சர்க்கரை நோய்க்காரர்களுக்கும் மூன்றாவது, ஆறாவது நரம்புகள் தனித்தனியே தளர்வதுண்டு என்பதும் அங்கே இருக்க வேண்டும்.

வரைபடம் தேறிவிட்டதா என்று பார்க்க, அதைப் பார்த்துப் பார்த்துப் படிப்பதால் பயனில்லை. வெள்ளைத் தாளில் மூளைத்தண்டை மட்டும் வரைந்து, மற்றதை நினைவிலிருந்து நிரப்ப வேண்டும். விடுபட்ட கோடு எதுவோ அதுதான் படிக்காத பாடம். பிறகு தலைகீழாக: ‘படியிறங்கும்போது இரண்டிரண்டாகத் தெரிகிறது’ என்ற ஒரே வரியைக் கொடுத்தால், கீழ்நோக்கிய பார்வைக்கு உதவும் நான்காவது நரம்புக்கு வரைபடத்தில் வழி கிடைக்க வேண்டும். நரம்பிலிருந்து நோய்க்குப் போகத் தெரிந்தவர் தேர்வில் தேறுவார்; நோயிலிருந்து நரம்புக்கு வரத் தெரிந்தவர்தான் வார்டில் தேறுவார்.

மாணவர் அல்லாத வாசகருக்கு ஒரு வார்த்தை. நெற்றிச் சோதனையைப் படித்தோமே என்று வீட்டிலேயே கண்ணாடி முன் நின்று முடிவு செய்துவிடாதீர்கள். யாருக்காவது திடீரென வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால் உடனே 108-ஐ அழையுங்கள். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. அது பெல் வாதம் என்று சொல்லவேண்டியவர், பக்கத்து நரம்புகளையும் சோதித்துப் பார்த்த மருத்துவர் மட்டுமே.